செம்புக் காப்பும் காந்தப் பட்டையும்: மருந்து வணிகர் சங்கத்திற்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட மருந்து வணிகர் சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

மருந்துக் கடைகளில் செம்புக் காப்பும் காந்தக் கைப்பட்டையும் மூட்டுவலிக்கென்று விற்கப்படுவதை நிறுத்துமாறு நான் கொடுத்த மனுவைச் சென்ற செயற்குழுக் கூட்டத்தில் எடுத்துப் பேசி, தள்ளிவிட்டதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள். அவை மருந்து அல்ல என்பதும், அணிபவருக்கு அவற்றால் கேடு இல்லை என்பதும், மக்களே கேட்டு வாங்குகிறார்கள் என்பதும் நீங்கள் சொல்லியிருக்கும் காரணங்கள். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கான காரணங்களை உங்கள் உறுப்பினர்களும் உங்கள் கடைகளுக்கு வருகிறவர்களும் அறிய வேண்டும் என்பதால் இம்மடலைப் பொதுவில் வைக்கிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். முடக்குவாதம் என்று நாம் சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் எனக்கு நீண்ட காலமாக இருக்கிறது. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் அதற்குத் துணையாக ஃபோலிக் அமிலமும் உங்கள் உறுப்பினர்களின் கடைகளில்தான் வாங்குகிறேன். எனவே எதிரியாக நின்று எழுதவில்லை. மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கும் ஊரில், நோயாளியிடம் அன்றாடம் பேசுகிறவர் மருந்துக் கடைக்காரர்தான் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

என் மனுவுக்குக் காரணமாக இருந்தவர் எங்கள் தெருவில் தையல் தொழில் செய்யும் ஒரு பெண்மணி. நாற்பது வயதைத் தாண்டியவர். காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரம் வரை விரல்களை மடக்க முடியாமல் போனதும், இரண்டு மணிக்கட்டுகளும் வீங்கியதும்தான் அவருக்குத் தொடக்கம். அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்து முடக்குவாதம் என்று உறுதி செய்தார்கள். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட்டும், கூடவே சில வாரங்களுக்கு மட்டும், அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டிய ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்க ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை நோயாளி வலியில் துடிக்காமல் இருக்கவே ஸ்டீராய்டு தரப்படுகிறது. அது சில நாள்களிலேயே வீக்கத்தை இறக்கிவிடும். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்தச் சீட்டோடு அவர் போன மருந்துக் கடையில், மாத்திரைகளோடு ஒரு செம்புக் காப்பும் ஒரு காந்தப் பட்டையும் சேர்த்து விற்கப்பட்டன. இரத்தத்தில் உள்ள இரும்பைக் காந்தம் இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும் என்றும், மூட்டுக்குத் தேவையான செம்பைக் காப்பு தோல் வழியே கொடுக்கும் என்றும், மாத்திரையைப் போலப் பக்கவிளைவு கிடையாது என்றும் சொல்லப்பட்டது. ஒரு வாரத்துக்குள் அவருடைய வீக்கம் வடிந்தது. ஸ்டீராய்டு செய்த வேலை அது. ஆனால் மாத்திரை விழுங்கியதும் காப்பு அணிந்ததும் ஒரே நாளில் தொடங்கியதால், கண்ணுக்குத் தெரியும்படி கையில் கிடந்ததற்கே அவர் பெருமை சேர்த்தார். மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்ட மறுநாள் குமட்டல் வந்தது. பக்கவிளைவு இல்லாத ஒன்று குணப்படுத்திக்கொண்டிருக்கும்போது பக்கவிளைவு உள்ளதை ஏன் விழுங்க வேண்டும் என்று நிறுத்திவிட்டார். அந்த நிலையில் கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் அவர் எண்ணியது அறிவற்ற முடிவல்ல. தவறான தகவலைக் கொடுத்தவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

ஸ்டீராய்டு முடிந்த பின் வலி திரும்பியது. காப்பு நோயை வெளியே கொண்டுவருகிறது, அதனால்தான் முதலில் வலி கூடும் என்று அவருக்கு விளக்கம் சொல்லப்பட்டது. தோலில் பச்சை படிந்ததையே அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். அவர் மறுபடி மருத்துவமனைக்குப் போனபோது, மணிக்கட்டிலும் விரல் அடி மூட்டுகளிலும் எலும்பு அரிக்கப்பட்டிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. அரிக்கப்பட்ட எலும்பு மாத்திரையால் திரும்ப வளராது. இனி அந்தச் சேதம் பரவாமல் தடுக்கலாம், அவ்வளவுதான். முடக்குவாதத்தில் முதல் சில மாதங்களும் முதல் ஓரிரண்டு ஆண்டுகளும்தான் மூட்டைக் காப்பாற்றும் காலம். அதில் ஒரு பகுதி அவருக்கு வீணாய்ப் போனது. கத்தரிக்கோலை முன்போல் நெடுநேரம் பிடிக்க அவரால் இப்போது முடிவதில்லை.

ஒருவரின் கதையை வைத்து முடிவு செய்யலாகாது என்று உங்கள் செயலாளர் நேரில் சொன்னார். அது நியாயமான பேச்சு. காப்பு அணிந்து குணமானதாகச் சொல்பவர்களுக்கும் அதே அளவுகோலைப் பொருத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மூட்டுவலி ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் காப்பு வாங்குகிறார். உச்சத்துக்குப் பிறகு எதுவும் செய்யாவிட்டாலும் ஓரளவு குறையும். அந்தக் குறைவைக் காப்பின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரே வழி, அணிபவருக்கே எது உண்மையானது எது போலி என்று தெரியாதபடி ஒப்பிட்டுப் பார்ப்பது. அப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ரிச்மண்டும் அவருடைய குழுவினரும் முடக்குவாதம் உள்ள 70 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. ஒவ்வொருவரும் நான்கு பொருள்களை வெவ்வேறு வரிசையில், ஒவ்வொன்றையும் ஐந்து வாரம் அணிந்தார்கள். இரண்டு பொருள்களுக்கு இடையே ஒரு வாரம் வெறுங்கையாக இருந்தார்கள். அந்த நான்கில் ஒன்று ஏறக்குறைய 1,500 முதல் 2,400 காஸ் வரை வலிமையுள்ள, கடையில் விற்கும் வகைக் காந்தப் பட்டை. இன்னொன்று பார்க்க அதே போல இருந்தாலும் காந்தத்தன்மை நீக்கப்பட்டு 20 காஸுக்கும் குறைவாக்கப்பட்டது. மூன்றாவது, 300 முதல் 720 காஸ் வரையிலான வலுக்குறைந்த காந்தப் பட்டை. நான்காவது செம்புக் காப்பு.

இந்த அமைப்பின் சிறப்பு என்னவென்றால், ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல் அதே ஆளை அவரோடே ஒப்பிட முடிகிறது. ஒருவருக்கு நோய் கடுமை, இன்னொருவருக்கு லேசு என்ற வேறுபாடு கணக்கைக் குழப்பாது. வலுக்குறைந்த பட்டையை வைத்ததும் நல்ல யோசனை. சாவியையோ குண்டூசியையோ அருகில் கொண்டுபோய்ச் சோதிப்பவர், லேசாக ஒட்டுவதைப் பார்த்து இதுதான் அசல் என்று நம்பிவிடலாம். நம்பிக்கை மட்டும் வலியைக் குறைக்கிறதா, காந்தம் குறைக்கிறதா என்று பிரித்துப் பார்க்க அது உதவுகிறது. நோயாளிகள் 100 மில்லிமீட்டர் கோட்டில் தங்கள் வலியைக் குறித்தார்கள். அதோடு நிற்காமல், நம்பிக்கையால் எளிதில் மாறாத இரத்த அளவுகளையும் வேறு சிலவற்றையும் எடுத்தார்கள்: அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., பிளாஸ்மாவின் பாகுத்தன்மை, வீங்கிய மூட்டுகளைக் கணக்கிட்டுப் போடும் நோய்த்தீவிர மதிப்பெண், கை கால் இயக்கம், சாப்பிட்ட மாத்திரைகளின் அளவு. 65 பேர் நான்கு பொருள்களுக்கும் முழுமையாகத் தகவல் தந்தார்கள். வலியிலும் அழற்சியிலும் இயக்கத்திலும் மருந்தின் தேவையிலும், அசல் காந்தத்துக்கும் காந்தமற்ற பட்டைக்கும் செம்புக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

இது முடக்குவாதம், முழங்கால் தேய்மானம் வேறு என்று நீங்கள் கேட்கலாம். அதே குழுவினர் மூட்டுத் தேய்மானம் உள்ள 45 பேரிடம் இதே நான்கு வகைகளையும் பதினாறு வாரங்களுக்குச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். அங்கும் பயனுள்ள வேறுபாடு கிடைக்கவில்லை.

மாறான சான்றையும் நான் மறைக்க விரும்பவில்லை. 2004இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், இடுப்பு அல்லது முழங்கால் தேய்மானம் உள்ள 194 பேர் பன்னிரண்டு வாரம் காந்த வளையமோ போலி வளையமோ அணிந்தார்கள். வலுவான காந்தம் அணிந்தவர்களுக்குப் போலியைவிட, 20 புள்ளி அளவுகோலில் ஒரு புள்ளிக்குச் சற்று மேல் வலி அதிகம் குறைந்தது. விற்பனைத் துண்டறிக்கைகளில் இந்த ஆய்வைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அதை எழுதியவர்களே, இது காந்தத்தின் விளைவா நம்பிக்கையின் விளைவா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று முடித்திருக்கிறார்கள். அசலையும் போலியையும் அணிந்தவர்கள் பிரித்தறிய முடிந்தது அதற்கு ஒரு காரணம். வலுக்குறைந்ததாக இருக்க வேண்டிய சில வளையங்களில் வலுவான காந்தங்கள் கலந்துவிட்டதால் அந்த ஒப்பீடும் பயனற்றுப் போனது. பின்னால் அதே ஐயத்தைத் தீர்க்கும்படி கவனமாக அமைத்த ஆய்வுகளில் அந்தப் பயன் காணாமல் போனது. 2007இல், வலிக்கு நிலைக்காந்தங்களைப் போலியோடு ஒப்பிட்ட ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, வலி குறைவதில் இருந்த வேறுபாடு 100க்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். மூட்டுத் தேய்மானத்தைப் பொறுத்தவரை சிறு பயன் இருக்கலாம் என்ற வாசலை அந்தத் தொகுப்பாய்வு அன்று முழுவதுமாக மூடவில்லை. நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: வலியில் சற்று மாறுதல் உணரப்படலாம், அது போலிப் பட்டையிலும் அதே அளவு உணரப்படுகிறது, நோயின் போக்கை மாற்றியதற்குச் சான்று இல்லை.

கடையில் சொல்லப்படும் விளக்கங்களைப் பற்றி, இயற்பியல் கற்பித்தவள் என்ற முறையில் பேசாமல் இருக்க முடியவில்லை. இரத்தத்தில் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் அது ஆணியில் உள்ள இரும்பைப் போலத் திரண்டு கிடப்பதில்லை. ஹீமோகுளோபினுக்குள் தனித்தனி அணுக்களாகக் கட்டுண்டு கிடக்கிறது. ஆக்சிஜன் ஏந்திய இரத்தத்தைக் காந்தம் மிக மிக லேசாக விலக்குகிறது; ஈர்ப்பதில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது ஒருவரின் உடல் 15,000 காஸ் அளவுள்ள புலத்துக்குள் அரைமணி நேரம் கிடக்கிறது. கைப்பட்டையைவிடப் பல மடங்கு வலிமையான அந்தக் காந்தத்துக்குள் படுத்து எழுந்தவர் யாரும் மூட்டுவலி தீர்ந்து வருவதில்லை. மேலும், பட்டையின் சிறு காந்தத் துண்டுகளின் புலம் தொலைவு கூடக்கூட மிக விரைவாகக் குறைகிறது. ஒரு சாண் தள்ளிப் போனால் அது பூமியின் இயற்கைக் காந்தப்புலத்தைவிடவும் குறைவு. மணிக்கட்டில் கட்டியது முழங்காலுக்குப் போய்ச் சேர வழியே இல்லை. உங்கள் கடையில் உள்ள பட்டைக்கும் ஒரு காகிதக் கவ்விக்கும் இடையில் தாள்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போய், எத்தனை தாளில் கவ்வி கீழே விழுகிறது என்று நீங்களே பார்க்கலாம். அந்தத் தாள்களின் தடிமனைத் தோல், கொழுப்பு, தசை ஆகியவற்றின் தடிமனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செம்பின் கதை இதைவிட வருத்தம் தருகிறது. மூட்டுவலிக்காரருக்குச் செம்பு குறைந்திருக்கிறது என்பதுதான் விற்பனையின் அடிப்படை. உண்மை அதற்கு நேர்மாறு. செம்பை இரத்தத்தில் சுமந்து செல்லும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் அழற்சியின்போது கூடுகிறது. அதனால் முடக்குவாதம் தீவிரமாக இருப்பவர்களின் இரத்தத்தில் செம்பு பெரும்பாலும் வழக்கத்தைவிட அதிகமாகவே காணப்படுகிறது. நாளொன்றுக்குத் தேவைப்படும் ஒன்றிரண்டு மில்லிகிராம் செம்பு பருப்பிலும் எள்ளிலும் வேர்க்கடலையிலும் தானியங்களிலும் கிடைத்துவிடுகிறது. தோலில் படியும் பச்சை, வியர்வையின் உப்பும் அமிலமும் செம்போடு சேர்ந்து உண்டாகும் செம்பு உப்பு. சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். அது நோய் வெளியேறுவதன் அடையாளமும் அல்ல, மருந்து உள்ளே போவதன் அடையாளமும் அல்ல.

வேண்டுதலுக்காகவோ அழகுக்காகவோ செம்புக் காப்பும் ஐம்பொன் காப்பும் அணிவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். அதைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் இல்லை. பாத்திரக் கடையிலும் கோயில் வாசலிலும் வாங்கும் காப்பை யாரும் மெத்தோட்ரெக்சேட்டுக்கு மாற்றாக எண்ணுவதில்லை. மருந்து உரிமம் மாட்டிய சுவருக்குக் கீழே, மருந்தாளுநர் பட்டம் பெற்றவர் கையால், மாத்திரை அட்டையோடு ஒரே பையில் போட்டுக் கொடுக்கும்போதுதான் அது மருந்தாகிறது. மக்களே கேட்டு வாங்குகிறார்கள் என்று நீங்கள் எழுதியதற்கு என் பதில் இதுதான். உங்கள் கடையில் இருப்பதாலேயே கேட்கிறார்கள்.

கேடு இல்லை என்ற வாதத்துக்கு அந்தத் தையற்காரப் பெண்மணியின் விரல்கள் ஒரு பதில். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்குக் காந்தம் ஆபத்து. மருத்துவர்கள் சோதனைக்காகப் பேஸ்மேக்கரின் செயல்முறையை மாற்றக் காந்தத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதற்கேற்ப அந்தக் கருவியில் ஓர் உணர்வி இருக்கிறது. வலுவான காந்தம் நெருங்கினால், இதயத் துடிப்பைக் கவனிக்காமல் நிலையான வேகத்தில் துடிப்பைச் செலுத்தும் நிலைக்கு அது போய்விடக்கூடும். உயிர்காக்கும் மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் வகைக் கருவியாக இருந்தால், காந்தம் அருகில் உள்ளவரை அந்த அதிர்ச்சியே நிறுத்திவைக்கப்படலாம். அதனால்தான் காந்தப் பொருள்களைக் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். உறங்கும்போது கை மார்பின் மேல் வந்து விழுவது இயல்பு. மூட்டுவலிக்காரரும் இதய நோயாளியும் பெரும்பாலும் ஒரே வயதினர். எங்கள் ஊரில் நான் போய்ப் பார்த்த எந்தக் கடையிலும், பட்டையைக் கொடுக்குமுன் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

கடைசியாக, இவை மருந்து அல்ல என்பது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டம் 1954இல் வந்தது. உடலின் அமைப்பையோ உறுப்புகளின் செயலையோ பாதிப்பதற்கென்று தரப்படும், உணவல்லாத எந்தப் பொருளும் அந்தச் சட்டத்தின்படி மருந்து என்ற வரையறைக்குள் வருகிறது. தாயத்து, கவசம் போன்றவற்றுக்கு நோய் தீர்க்கும் அற்புத ஆற்றல் இருப்பதாகச் சொன்னால் அவை மாய நிவாரணம் என்ற வரையறைக்குள் வருகின்றன. அட்டவணையில் குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது குற்றம். அந்த அட்டவணையில் வாதநோயும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இதய நோயும் இருக்கின்றன. உங்கள் கடைகளில் விற்கும் பட்டைகளின் அட்டைப் பெட்டியிலும் அவையே அச்சிடப்பட்டிருக்கின்றன. விளம்பரம் என்றால் பத்திரிகையில் வருவது மட்டுமல்ல. பொருளின் மேலட்டையும் உறையும் துண்டறிக்கையும் வாய்மொழி அறிவிப்பும் விளம்பரமே என்று சட்டம் சொல்கிறது. முதல் முறை குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் உண்டு. அமெரிக்காவில் இப்படியொரு வளையத்தை வலி தீர்ப்பதாகச் சொல்லி விற்ற நிறுவனத்தின் மேல் அங்குள்ள வணிக ஆணையம் 2003இல் வழக்குத் தொடுத்தது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்ன தீர்ப்பை 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

சங்கத்திடம் நான் கேட்பவை இவை. நோய் தீர்க்கும் என்று அச்சிட்ட செம்புக் காப்பு, காந்தப் பட்டை, காந்த முழங்கால் உறை ஆகியவற்றை உறுப்பினர் கடைகளின் மேசையிலிருந்தும் காட்சிப் பலகையிலிருந்தும் எடுத்துவிடும்படி எழுத்து மூலமாகச் சுற்றறிக்கை அனுப்புங்கள். அவற்றை உங்களுக்கு வழங்கும் மொத்த வியாபாரிகளிடம், பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஒவ்வொரு கூற்றுக்கும் மனிதர்களிடம் போலியோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வைக் கேளுங்கள். தர முடியாதவர்களிடம் வாங்குவதை நிறுத்துங்கள். ஏற்கெனவே காப்போ பட்டையோ அணிந்து வரும் மூட்டுவலி நோயாளியிடம், மருத்துவர் எழுதிய மாத்திரையை அதற்காக நிறுத்தியிருக்கிறாரா என்று கடையில் உள்ளவர்கள் கேட்க வேண்டும். நிறுத்தியிருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். காந்தப் பட்டை அணிந்தவரிடம் பேஸ்மேக்கர் பற்றியும் கேட்க வேண்டும். கடையில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க உங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கினால், மேலே சொன்ன ஆய்வுகளைத் தமிழில் விளக்க நான் எந்த ஊதியமும் இன்றி வருகிறேன்.

என் மனுவை அடுத்த பொதுக்குழுவில் மறுபடி எடுத்துக்கொண்டு, உறுப்பினர்கள் வாக்களித்த முடிவை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பொதுக்குழு முடிந்து ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், கடைகளில் நான் வாங்கி வைத்திருக்கும் அட்டைப் பெட்டிகளையும் ரசீதுகளையும் இணைத்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் முறைப்படி புகார் அனுப்புவேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் மாதந்தோறும் மருந்து வாங்கும் ஒரு முடக்குவாத நோயாளி,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை